பிஐபி கடிதத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும்? ஒரு ஷூ கம்பெனி மெர்ச்சண்டைசர் கேஸை வைத்துப் பார்க்கலாம்

காலையில் குடியாத்தத்திலிருந்து ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் போகும் கம்பெனி வண்டிகளில் தையல் லைன் ஆட்கள் மட்டும் போவதில்லை. லேப்டாப் பையோடு மெர்ச்சண்டைசர், பிளானிங், குவாலிட்டி என்று ஆபீஸ் வேலைக்குப் போகிற இளைஞர்களும் போகிறார்கள். பிஐபி என்ற மூன்றெழுத்து இவர்களுக்கும் பழகிப்போய்விட்டது. வேலையில் பின்தங்கியிருப்பவருக்கு, ‘இதை, இவ்வளவு, இந்தத் தேதிக்குள் சரிசெய்யுங்கள்’ என்று நிர்வாகம் எழுதித் தருகிற செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்தான் பிஐபி.

பலருக்கு இதன் அர்த்தம் ‘வேற வேலை தேடிக்கோ’. பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் தாளை வைத்தே இது திருத்துவதற்கா, அனுப்புவதற்கா என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்று பார்க்க ஒரு மாதிரி கேஸை எடுத்துக்கொள்வோம். ஆளும் எண்களும் கற்பனை, வேலை மட்டும் நிஜம்.

55 சதவீதம் யாருடையது?

ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் இரண்டரை வருட அனுபவமுள்ள ஒரு பெண் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையரிடமிருந்து டிசைன் விவரம் வந்ததும் அதைப் படித்து மெட்டீரியல் லிஸ்ட் தயாரிப்பது அவர் வேலை. எந்தத் தோல், எத்தனை மில்லிமீட்டர் கனம், என்ன நிறம், லைனிங் எது, நூல் நம்பர், லாஸ்ட் நம்பர், சோல், ஒரு ஜோடிக்கு எவ்வளவு தோல் பிடிக்கும் என்று எல்லாமே அதில் இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் சாம்பிள் ரூமில் வெட்டுவார்கள். 1.2 மில்லிமீட்டர் என்று எழுத வேண்டிய இடத்தில் 1.4 என்று விழுந்தால் ஷூவே வேறு மாதிரி வந்து நிற்கும்.

மேனேஜர் எழுதிய முதல் வரைவு இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: ‘கடந்த 12 வாரங்களில் 40 சாம்பிள்களில் 22 மட்டுமே குறித்த தேதியில் அனுப்பப்பட்டன. பொறுப்புணர்வு போதவில்லை. 30 நாட்களில் 95 சதவீதம் எட்ட வேண்டும்.’

எண் இருப்பதால் பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. 40-ல் 22 என்றால் 55 சதவீதம், மோசம்தான். ஆனால் தாமதமான 18 சாம்பிள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. ஏழு சாம்பிளுக்கு டேனரியிலிருந்து தோல் லேட். நான்கில் பையரே பாதி வழியில் டிசைனை மாற்றிவிட்டார். மிச்சம் ஏழில்தான் லிஸ்ட் தப்பு, அல்லது லிஸ்ட் போனதே லேட்.

அப்படியானால் இவர் தப்பு ஏழு மட்டும்தானா? இல்லை. தோல் லேட்டான சாம்பிள்களின் லிஸ்டுகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் மூன்றில் தப்பு இருக்கிறது. தோல் வரத் தாமதமானதால் அதற்குள் யாரோ திருத்திவிட்டார்கள், வெளியே தெரியவில்லை. ஆக 40 லிஸ்டில் 10 சரியில்லை, 30 சரி. அவருடைய உண்மையான தொடக்க அளவு 75 சதவீதம். இந்தக் கணக்கு அவருக்குச் சாதகமாகவும் போகிறது, பாதகமாகவும் போகிறது. அதனால்தான் இரண்டு பக்கமும் இதை ஒத்துக்கொள்ள முடியும்.

இதில் கோடு எங்கே போடுவது என்பது சில இடங்களில் கஷ்டம். உதாரணத்துக்கு, தோலில் இருக்கும் குரோமியம் 6. ஐரோப்பிய யூனியனில் 2015 மே முதல், உடம்பில் படுகிற தோல் பொருட்களில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால்தான் விற்க முடியும். பையர் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்பார். லேப் ரிப்போர்ட் தர நாலு நாள் இழுத்தால் அது மெர்ச்சண்டைசர் கணக்கில் வராது. டெஸ்ட் வேண்டும் என்று லிஸ்டில் குறிக்கவே மறந்திருந்தால் வரும்.

இலக்கை எப்படி எழுதுவது?

‘சாம்பிள் தேதிக்குள் போக வேண்டும்’ என்பது பத்துப் பேர் கை படுகிற விஷயம். ‘லிஸ்ட் சரியாக, நேரத்துக்குப் போக வேண்டும்’ என்பது ஒருவர் கையில் இருக்கிற விஷயம். இலக்கு இரண்டாவதில்தான் இருக்க வேண்டும்.

எவ்வளவு கேட்கலாம்? அதே டீமில் மற்ற மெர்ச்சண்டைசர்களுடைய லிஸ்டையும் இதே முறையில் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு 88 சதவீதம் வருகிறது என்றால், இவரிடம் மட்டும் 95 கேட்பது திருத்துவதற்கான இலக்கு இல்லை. டீமில் யாருமே எட்டாத எண் உங்கள் பிஐபியில் மட்டும் இருந்தால், அதைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

சதவீதத்தை விட எண்ணிக்கையாக எழுதுவது நல்லது. இவர் வாரத்துக்கு மூன்று, நான்கு லிஸ்ட் போடுகிறார். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒரே ஒரு தப்பு சதவீதத்தை நாலு புள்ளி கீழே தள்ளிவிடும். ஆகவே திருத்திய வரைவு இப்படி:

‘பையரின் விவரம் முழுமையாகக் கிடைத்த இரண்டு வேலை நாட்களுக்குள் மெட்டீரியல் லிஸ்ட் சாம்பிள் ரூமுக்குப் போக வேண்டும். தோல் வகை, கனம், நிறம், லைனிங், லாஸ்ட் நம்பர், தேவையான டெஸ்ட் ஆகியவற்றில் திருத்தம் தேவைப்படாத லிஸ்டே சரியானது. அடுத்த 24 லிஸ்டில் 21 சரியாக இருக்க வேண்டும். பையர் பின்னால் செய்யும் மாற்றம் தப்பாக எண்ணப்படாது.’

‘பொறுப்புணர்வு’ என்ற வார்த்தையே இதில் இல்லை, கவனித்தீர்களா? அதை யாராலும் எண்ண முடியாது. எண்ண முடியாததை ரிவியூ அன்று மேனேஜருடைய மூடுதான் தீர்மானிக்கும்.

‘தேவையான உதவி வழங்கப்படும்’ போதாது

பெரும்பாலான பிஐபிகள் சொதப்புவது இந்தப் பகுதியில்தான். இலக்குக்கு ஒரு பக்கம், உதவிக்கு ஒரு வரி. யார் தருவார், எப்போது, எத்தனை மணி நேரம் என்று இல்லாவிட்டால் அது உதவி இல்லை, அலங்காரம்.

நம் கேஸில் அந்தப் பத்துத் தப்பையும் அடுக்கிப் பார்த்தால் ஆறு தோல் கனத்திலும் லைனிங்கிலும் விழுந்திருக்கிறது. எல்லாமே ஒரே புதுப் பையருடைய டிசைன்கள். அதாவது, இவருக்கு எல்லா வேலையிலும் பிரச்னை இல்லை, அந்தப் பையர் விவரம் எழுதும் முறைதான் பிடிபடவில்லை. மூன்று நாள் பொதுவான பயிற்சிக்கு அனுப்பினால் பிரயோஜனமில்லை. சீனியர் பேட்டர்ன் மாஸ்டர் நான்கு வாரம், வாரம் இரண்டு மணி நேரம், அந்தப் பையருடைய பழைய டிசைன்களை வைத்து உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். முதல் ஆறு லிஸ்டை அனுப்புவதற்கு முன் ஒருவர் பார்த்துத் தர வேண்டும். இந்தக் காலத்தில் இன்னொரு புதுப் பையர் வேலையை இவர் தலையில் கட்டக்கூடாது.

கூடவே ஒரு வரி அவசியம்: ‘மேற்கண்ட உதவி எத்தனை நாள் தாமதமாகிறதோ, ரிவியூ தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும்.’ இந்த வரியைச் சேர்க்கச் சொன்னால் ஒத்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள். நிர்வாகத்தின் மனசு அங்கே தெரிந்துவிடும்.

30 நாள் ஏன் போதாது?

30, 60, 90 என்று எச்ஆர் டெம்ப்ளேட்டில் இருக்கிற எண்களுக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. தேதியை வேலையின் சுற்றை வைத்துக் கணக்குப்போட வேண்டும். வாரத்துக்கு மூன்று, நான்கு என்ற வேகத்தில் 24 லிஸ்ட் வர ஏழு வாரம் ஆகும். முதல் வாரம் கற்றுக்கொள்ள, எண்ணிக்கையில் சேராது. ஆக எட்டு வாரம். ‘எட்டு வாரம் அல்லது 24 லிஸ்ட், எது பின்னால் முடிகிறதோ அது’ என்று எழுதினால் ஆர்டர் குறைந்த மாதத்திலும் அநியாயம் நடக்காது.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். பொங்கல், ரம்ஜான் சமயத்தில் டேனரியும் கம்பெனியும் ஓடும் வேகமே வேறு. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்குக் குடியாத்தமே தெருவில் நிற்கும். அந்த வாரத்தில் ரிவியூ வைத்தால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் உட்கார்ந்து, இதுவரை எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எழுதி இருவரும் மெயிலில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாளில் யாருக்கும் அதிர்ச்சி வரக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிஐபி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் மதிப்பீட்டை ஆளிடம் சொல்லாமல் வைப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2008-ல் தேவ் தத் வழக்கில் தெளிவாகப் பேசியிருக்கிறது. பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ தேவை என்றிருந்தபோது அவருக்கு ஒரு வருடம் ‘நன்று’ என்று போட்டிருந்தார்கள், அவரிடம் சொல்லவில்லை, பதவி உயர்வும் போனது. நல்லதோ கெட்டதோ எல்லா மதிப்பீட்டையும் தெரிவித்து, ஆட்சேபிக்க வாய்ப்பும் தர வேண்டும் என்றது நீதிமன்றம். அது அரசு ஊழியர்கள் தொடர்பான தீர்ப்பு, தனியார் கம்பெனியை நேரடியாகக் கட்டாது. ஆனாலும் நியாயம் என்றால் என்ன என்பதற்கு நல்ல அளவுகோல்.

தனியார் பக்கம், 1947-ன் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவு இருக்கிறது. அதன்கீழ் வருகிற ஊழியர் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும், அல்லது அதற்கான சம்பளமும், இல்லாமல் நிறுத்த முடியாது. மேல்முறையீடும் செய்யலாம். அங்கே ‘நியாயமான காரணம்’ இருந்ததா என்று பேச்சு வரும்போது இரண்டு பக்கமும் எடுத்து வைக்கப்போவது இந்தத் தாளைத்தான்.

அதனால் பிஐபி கையில் வந்தால் ‘கையெழுத்து போடலாமா வேண்டாமா’ என்று குழம்ப வேண்டாம். ‘பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கம் குறித்த என் கருத்தைத் தனியாக அனுப்புகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று நாளில் மெயில் போடுங்கள். கோபம் வேண்டாம். தொடக்க அளவு எங்கிருந்து வந்தது, டீமின் அளவு என்ன, உதவி எந்தத் தேதியில் தொடங்கும் என்ற மூன்று கேள்வி போதும்.

20 வந்தால்?

எட்டு வாரம் முடிந்தது. 24-ல் 21 கேட்டார்கள், 20 வந்திருக்கிறது. ஃபெயிலா?

இதற்கான பதில் ரிவியூ அன்று யோசிக்கிற விஷயமில்லை, முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். நம் வரைவில் இப்படி எழுதலாம்: 21-ம் அதற்கு மேலும் வந்தால் திட்டம் முடிந்தது, ஃபைலில் அப்படியே பதிவாகும். 19 அல்லது 20 வந்தால் ஒரே ஒருமுறை நான்கு வாரம் நீட்டிப்பு. அதற்கும் கீழே என்றால் வேறு பொறுப்பு உண்டா என்று முதலில் பார்ப்பது, பிறகே மற்றது. முடிவை மேனேஜர் தனியாக எடுக்காமல், லிஸ்டுகளை நேரில் பார்த்த சாம்பிள் ரூம் பொறுப்பாளரும் கூட உட்கார வேண்டும்.

இந்த 20-ஐ வரிசைப்படி பார்த்தால் நான்கு தப்பில் மூன்று முதல் பத்து லிஸ்டிலேயே வந்துவிட்டது. கடைசி 14-ல் ஒன்றே ஒன்று. நீட்டிப்புக் கடிதத்தில் எழுத வேண்டிய முதல் வரி அதுதான்.