இன்சர்ட் கேபிள்: செண்ட் எந்தப் பின், ரிட்டர்ன் எந்தப் பின்?

மிக்ஸரின் மைக் சேனல் ஒவ்வொன்றிலும், மைக் செருகும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ‘இன்சர்ட்’ என்று எழுதிய ஒரு சாக்கெட் இருக்கும். ஒரு சேனலின் ஒலியை மட்டும் வெளியே எடுத்து, கம்ப்ரஸர் போன்ற ஒரு கருவி வழியாக அனுப்பி, அதே சேனலுக்குள் திரும்பக் கொண்டுவருவதற்கான வழி அது. போவதும் வருவதும் அந்த ஒரே சாக்கெட்டில்தான். கம்ப்ரஸரிலோ உள்ளே செல்ல ஒரு சாக்கெட், வெளியே வர ஒரு சாக்கெட் என்று இரண்டு உண்டு. ஆகவே ஒரு முனையில் ஒரு ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு மோனோ பின்களும் உள்ள கேபிள் தேவைப்படுகிறது. இதுதான் இன்சர்ட் கேபிள்.

மூன்று பின்களும் 6.35 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. கடைகளில் பி-38 என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். பின்னின் உலோகத் தண்டைப் பார்த்தாலே மோனோவா ஸ்டீரியோவா என்று தெரியும். மோனோ பின்னில் ஒரே ஒரு கறுப்பு வளையம். ஸ்டீரியோ பின்னில் இரண்டு. இந்த வளையங்கள் மின்சாரம் கடத்தாதவை. அவை ஸ்டீரியோ பின்னின் தண்டை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. கூர்மையான நுனி டிப், நடுவில் உள்ள குறுகிய பட்டை ரிங், கைப்பிடியை ஒட்டிய நீளமான பகுதி ஸ்லீவ். ஹெட்ஃபோனில் இதே பின்னின் டிப் இடது காதுக்கும் ரிங் வலது காதுக்கும் ஒலியைக் கொண்டுபோகும். இன்சர்ட்டில் இடமும் இல்லை, வலமும் இல்லை. ஒன்றில் ஒலி வெளியேறுகிறது, மற்றொன்றில் திரும்பி வருகிறது. ஸ்லீவ் இரண்டுக்கும் பொதுவான எர்த்.

இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான மிக்ஸர்களில் டிப் செண்ட், ரிங் ரிட்டர்ன். அதாவது ஸ்டீரியோ பின்னின் நுனியோடு இணைந்த மோனோ பின் கம்ப்ரஸரின் இன்புட்டுக்குப் போக வேண்டும். நடுப்பட்டையோடு இணைந்த மோனோ பின் கம்ப்ரஸரின் அவுட்புட்டில் இருக்க வேண்டும். பழைய மிக்ஸர்கள் சிலவற்றில் இது தலைகீழாக இருக்கும். மிக்ஸரின் முகப்பிலேயே சாக்கெட்டை ஒட்டிச் சிறிய எழுத்தில் எது செண்ட் என்று அச்சிட்டிருப்பது வழக்கம். இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். தலைகீழான மிக்ஸர் என்றாலும் வேறு கேபிள் வாங்க வேண்டியதில்லை. கம்ப்ரஸர் பக்கத்தில் உள்ள இரண்டு மோனோ பின்களை இடம் மாற்றிச் செருகினால் போதும்.

அடுத்த கேள்வி, கையில் உள்ள இரண்டு மோனோ பின்களில் எது டிப்போடு சேர்ந்தது என்பது. சில கேபிள்களில் பின் மேலேயே எழுதியிருக்கும். சிலவற்றில் நிறம் மட்டும்தான். சிவப்பு நிறப் பின்னை ரிங்குக்கு வைப்பது பரவலான பழக்கம். ரிங், ரிட்டர்ன், ரெட் மூன்றும் ஒரே ஓசையில் தொடங்குவதால் நினைவில் வைப்பதும் எளிது. ஆனால் இதைக் கட்டாயமாக்கும் விதி எதுவும் இல்லை. உள்ளூரில் ஈயம் வைத்துப் பற்றவைத்த கேபிளில் நிறத்தை நம்பவே கூடாது. மல்டிமீட்டரை பீப் ஒலி வரும் நிலையில் வைத்து, ஒரு முள்ளை ஸ்டீரியோ பின்னின் நுனியிலும் மற்றதை மோனோ பின் ஒவ்வொன்றின் நுனியிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். பீப் ஒலிப்பது டிப்போடு சேர்ந்த பின். கையோடு அதில் ஒரு வெள்ளை நாடாவை ஒட்டிச் ‘செண்ட்’ என்று எழுதிவிடுவது நல்லது. மங்கலான மேடை வெளிச்சத்தில் உதவுவது அந்த எழுத்துத்தான்.

மல்டிமீட்டர் இல்லாதபோது விரலே போதும். சேனலின் ஃபேடரைக் கொஞ்சமாக மட்டும் ஏற்றி வைத்து, ஸ்டீரியோ பின்னை இன்சர்ட்டில் முழுவதும் செருகி, மோனோ பின்களின் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். ரிட்டர்ன் பின்னைத் தொட்டதும் ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று இரைச்சல் கேட்கும்; உடம்பு வாங்கிக்கொள்ளும் மின்சார ஹம் அந்த வழியாகச் சேனலுக்குள் நுழைவதால் வருவது அது. செண்ட் பின்னைத் தொட்டால் எதுவும் கேட்காது. இந்தச் சோதனைக்கு மல்டிமீட்டரையும் மிஞ்சிய ஒரு வசதி உண்டு: கேபிளை மட்டுமல்லாமல் மிக்ஸரையும் சேர்த்தே சோதிக்கிறது. டிப் செண்ட்டா ரிங் செண்ட்டா என்ற கேள்வியே எழாமல், நேராக எது ரிட்டர்ன் என்று சொல்லிவிடுகிறது.

ஸ்டீரியோ பின்னை உள்ளே தள்ளியவுடன் சேனல் ஊமையாகிவிடுவதைக் கண்டு பலர் பதறுவதுண்டு. அது கோளாறு அல்ல. இன்சர்ட் சாக்கெட்டுக்குள் சிறிய உலோக நாக்குகள் இருக்கின்றன. பின் இல்லாதபோது அவை செண்ட்டையும் ரிட்டர்னையும் உள்ளேயே இணைத்து வைத்திருப்பதால் ஒலி தடையின்றிப் போகிறது. பின் நுழைந்ததும் நாக்கு விலகி, அந்த உள் இணைப்பு அறுபடுகிறது. அதன்பின் ஒலி வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் சேனலில் சத்தம். கம்ப்ரஸரின் மின்சாரம் நின்றுபோனாலும், பல கருவிகளில் அந்தச் சேனல் அப்படியே அடங்கிவிடும். நிகழ்ச்சி நடுவில் இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஃபேடரை இறக்கி, இன்சர்ட்டிலிருந்து ஸ்டீரியோ பின்னை உருவிவிட்டு, மறுபடி ஏற்றுவது. நாக்குகள் பழையபடி ஒட்டிக்கொள்ளும். கம்ப்ரஸர் இல்லாமல் பாட்டு தொடரும்.

இந்த இணைப்பு சேனலில் எந்த இடத்தில் அமைகிறது என்பதும் முக்கியம். பெரும்பாலான மிக்ஸர்களில் அது கெய்ன் குமிழுக்குப் பின்னால், ஈக்யூவுக்கும் ஃபேடருக்கும் முன்னால். ஆகவே ஃபேடரை ஏற்றினாலும் இறக்கினாலும் கம்ப்ரஸருக்குப் போகும் ஒலியின் அளவு மாறாது. கெய்னைத் திருப்பினால் மாறும்.

ஒரு மெல்லிசை மேடையில் மூன்றாவது சேனலில் பாடகரின் மைக் இருப்பதாகக் கொள்ளலாம். தாழ்ந்த குரலில் சரணம் பாடும்போது வார்த்தை கேட்பதில்லை. உச்சத்தில் காதைக் கிழிக்கிறது. இரண்டு சேனல் கம்ப்ரஸரின் முதல் பாதி இந்தக் குரலுக்கு. முதலில் கம்ப்ரஸர் இல்லாமலேயே, பாடகரை உரக்கப் பாடச் சொல்லிக் கெய்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பிறகு ஃபேடரை முழுவதும் இறக்கிவிட்டு ஸ்டீரியோ பின்னை மூன்றாவது சேனலின் இன்சர்ட்டிலும், செண்ட் பின்னைக் கம்ப்ரஸரின் முதல் இன்புட்டிலும், ரிட்டர்ன் பின்னை முதல் அவுட்புட்டிலும் செருக வேண்டும். பைபாஸ் பொத்தானை அழுத்திய நிலையில் ஃபேடரை ஏற்றினால், முன்பு கேட்ட அதே அளவில் குரல் கேட்க வேண்டும். கேட்டால் கேபிள் சரி. இப்போது பைபாஸை விடுவித்து, விகிதத்தை 3:1இல் வைத்து, உரத்த இடங்களில் குறைப்பு மீட்டர் 4 முதல் 6 டெசிபல் காட்டும்வரை த்ரெஷோல்டைக் கீழே கொண்டுவரலாம்.

நிகழ்ச்சி தொடங்கிய பிறகு குரல் போதவில்லை என்று யாரோ சொல்ல, ஒலியமைப்பாளர் கெய்னை 6 டெசிபல் ஏற்றிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். த்ரெஷோல்டைத் தாண்டிய இடங்களில் 3:1 விகிதப்படி வெளியே கூடுவது 2 டெசிபல்தான். மீதி 4 டெசிபலைக் கம்ப்ரஸர் விழுங்கிவிடும். ஏற்கெனவே 6 டெசிபல் குறைத்துக்கொண்டிருந்தது 10 குறைக்கத் தொடங்கும். குரல் நசுங்கி ஒலிக்கும். ஏற்ற வேண்டியது ஃபேடரைத்தான். மேடை மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ் ஒலியும் வழக்கமாக இன்சர்ட்டுக்குப் பிறகே பிரிவதால், கம்ப்ரஸரின் வேலை மானிட்டரிலும் கேட்கும். அவுட்புட் கெய்னைத் தாராளமாக ஏற்றினால், பாடகர் சும்மா நிற்கும் நேரத்தில் மானிட்டர் ஊளையிடத் தொடங்குவதற்கு இதுவே பாதிக் காரணம்.

செண்டும் ரிட்டர்னும் மாறிப்போனால் அறிகுறி தெளிவானது. சேனலில் சத்தம் இல்லை. பாடகர் கத்தினாலும் கம்ப்ரஸரின் இன்புட் மீட்டர் அசைவதில்லை. மிக்ஸரின் செண்ட்டும் கம்ப்ரஸரின் அவுட்புட்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. ஆனால் இரண்டிலும் தடுப்பான்கள் இருப்பதால் சாதாரணமாக எதுவும் எரிவதில்லை. ஃபேடரை இறக்கிப் பின்களை மாற்றினால் தீர்ந்தது. மீட்டர் ஆடியும் சத்தம் வரவில்லையென்றால் சிக்கல் ரிட்டர்ன் பக்கத்தில்: ரிங்கில் ஈயம் விட்டிருக்கலாம், அல்லது பின் கம்ப்ரஸரின் இரண்டாவது பாதியின் அவுட்புட்டில் செருகப்பட்டிருக்கலாம். இந்த இரண்டாவது தவறு அடிக்கடி நடப்பது.

கேபிள் பெட்டியில் இதைப் போலவே தோற்றமளிக்கும் வேறு கேபிள்களும் கிடக்கும். ஒரு மோனோ பின்னிலிருந்து இரண்டு மோனோ பின்களாகப் பிரியும் கேபிள், ஒரே ஒலியை இரண்டு இடத்துக்குக் கொண்டுபோவதற்கானது. அதை இன்சர்ட்டில் செருகினால், மோனோ பின்னின் நீண்ட ஸ்லீவ் சாக்கெட்டின் ரிங் தொடுமுனையையும் சேர்த்துத் தொட்டு ரிட்டர்னை எர்த்தில் போட்டுவிடும். அப்போது கம்ப்ரஸர் மீட்டர் ஒழுங்காக ஆடும், சேனல் மட்டும் பேசாது. கறுப்பு வளையத்தை எண்ணிப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. ஸ்டீரியோ ஒலியை இடம், வலம் என்று பிரிக்கும் ஒய் கேபிளோ, உள் இணைப்பில் இன்சர்ட் கேபிளேதான். அதில் இடது என்று எழுதியிருப்பதைச் செண்ட் என்று எடுத்துக்கொண்டு தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மைக் கேபிளைப் போல ஹம்மைத் தானே நீக்கிக்கொள்ளும் பேலன்ஸ்டு இணைப்பு அல்ல இது. அதனால் நீளம் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருப்பதே நல்லது. கம்ப்ரஸர் மிக்ஸருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். உள்ளே போகும் இரண்டு கம்பிகளுக்கும் தனித்தனி ஷீல்டு உள்ள கேபிளாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே ஷீல்டுக்குள் இரண்டும் நெருங்கி ஓடினால், போகும் ஒலி வரும் கம்பியில் கொஞ்சம் கசியும். கம்ப்ரஸரின் அவுட்புட் பேலன்ஸ்டு வகையாக இருந்தாலும் மோனோ பின் அதில் வேலை செய்யும். சில கருவிகளில் ஒலி 6 டெசிபல் குறைந்து வரும். அதைக் கம்ப்ரஸரின் அவுட்புட் குமிழிலேயே ஈடுகட்டிக்கொள்ளலாம்.