பத்தொன்பதிலிருந்து ஏழுக்கு

ஒரு பால் கூட்டுறவு சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். செயலாளர் திரையில் முதல் ஸ்லைடைப் போடுகிறார். தலைப்பு இப்படி இருக்கிறது:

கடந்த மூன்று மாதங்களில் பால் கொள்முதல் அளவு தொடர்பாக மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் அடிப்படையில் மாலை நேரக் கொள்முதலில் குறிப்பிடத்தக்க அளவு குறைவு ஏற்பட்டுள்ளது என்பது கண்டறியப்பட்டுள்ளது

பத்தொன்பது சொற்கள். இலக்கணப் பிழை கிடையாது. அலுவலகங்களில் நாள்தோறும் இப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் திரையில் மூன்று நான்கு வரிகளை அடைத்துக்கொள்ளும் இதைக் கூட்டத்தில் இருப்பவர்கள் படிப்பதற்குள் செயலாளர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். படிப்பதா, கேட்பதா என்ற திண்டாட்டத்தில் இரண்டும் நடக்காது. அதனால்தான் பல நிறுவனங்கள் ஸ்லைடு தலைப்புக்குச் சொல் வரம்பு வைக்கின்றன. தமிழுக்கு எட்டுச் சொல் சரியான வரம்பு என்பது என் கணிப்பு. ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்கும் பல சிறு சொற்கள் நம் மொழியில் வேற்றுமை உருபாகப் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே அவர்கள் பன்னிரண்டு சொல்லில் சொல்வதை நாம் எட்டில் சொல்லிவிட முடியும்.

இந்தப் பத்தொன்பதை எட்டுக்குள் கொண்டுவருவோம்.

முதலில் போக வேண்டியது சட்டகம். "தொடர்பாக மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் அடிப்படையில்" என்று தொடங்கி, "என்பது கண்டறியப்பட்டுள்ளது" என்று முடிகிற பகுதி பாலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நாங்கள் ஆராய்ந்தோம் என்று மட்டும் சொல்கிறது. ஆராயாமலா படம் போட்டுக் காட்டுகிறார்கள்? ஆறு சொற்கள் போயின. சட்டகத்தை எடுத்ததும் அதற்குள் மறைந்திருந்த இன்னொன்று தெரியவருகிறது: "கொள்முதல்" இரண்டு முறை, "அளவு" இரண்டு முறை. இரட்டிப்பை நீக்கினால் மிஞ்சுவது பதினொன்று:

கடந்த மூன்று மாதங்களில் மாலை நேரப் பால் கொள்முதலில் குறிப்பிடத்தக்க அளவு குறைவு ஏற்பட்டுள்ளது

அடுத்தது வினை. இங்கேதான் தமிழுக்கே உரிய நோய் இருக்கிறது. "குறை" என்பது நல்ல, முழு வினை. அதைக் "குறைவு" என்று பெயராக்கிவிட்டு, வாக்கியத்தை முடிக்க "ஏற்படு" என்ற உயிரற்ற வினையைத் துணைக்கு அழைக்கிறோம். மாற்றம் ஏற்பட்டது, ஆய்வு மேற்கொள்ளப்பட்டது, தாமதம் காணப்படுகிறது, விற்பனை செய்யப்பட்டது: எல்லாம் ஒரே வார்ப்பு. வேலை செய்யும் வினை பெயருக்குள் பூட்டிக் கிடக்கிறது. வெளியே நிற்பது காவல்காரன் மட்டும். பூட்டைத் திறந்தால் மாறியது, ஆராய்ந்தோம், தாமதமாகிறது, விற்றோம் என்று ஆகிவிடும். நம் தலைப்பிலும் "குறைவு ஏற்பட்டுள்ளது" என்பது "குறைந்தது" ஆகிறது.

வினையை மாற்றும்போது அதற்கு முன்னால் இருக்கும் உருபையும் பார்க்க வேண்டும். கொள்முதலில் குறைவு ஏற்படும். ஆனால் கொள்முதல்தான் குறையும். "இல்" போக வேண்டும். அவசரத்தில் வெட்டுபவர்கள் "கொள்முதலில் குறைந்தது" என்று விட்டுவிடுவார்கள், வாக்கியம் நொண்டும். ஒற்றும் அப்படித்தான். "நேரப் பால்" என்பதில் "நேர" போனால், அந்த ப் "மாலை"யோடு சேர்ந்து "மாலைப் பால்" ஆக வேண்டும். வெட்டிய இடத்தில் தையல் தெரியக் கூடாது.

எல்லா வினைக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "முதலீடு செய்தோம்", "ஒப்பந்தம் செய்தார்கள்" போன்றவற்றில் "செய்" உண்மையாகவே தேவைப்படுகிறது. அந்தப் பெயர்களுக்குள் விடுவிக்க வேறு வினை கிடையாது. அங்கே "செய்யப்பட்டது" என்பதைச் "செய்தோம்" என்று ஆக்குவதோடு நின்றுகொள்ளலாம். செய்தவர் யார் என்று தெரியாதபோது, அல்லது அது முக்கியமில்லாதபோது, "படு" இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது தலைப்பு பத்துச் சொல். "குறிப்பிடத்தக்க அளவு" என்பதைப் பாருங்கள். எழுதியவருக்கு எண் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. பிப்ரவரியில் மாலைக் கொள்முதல் நாளுக்கு 2,200 லிட்டர், ஏப்ரலில் 1,804 லிட்டர் என்று படம் காட்டுகிறதென்றால், குறைவு 18%. இரண்டு சொல் போய் ஒரு எண் வருகிறது. "நேர"வும் போகிறது:

கடந்த மூன்று மாதங்களில் மாலைப் பால் கொள்முதல் 18% குறைந்தது

சரியாக எட்டு. வரம்புக்குள் வந்துவிட்டோம். பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்த மாட்டேன், ஏனென்றால் அந்தப் படத்தில் இன்னொரு கோடும் இருக்கிறது. காலைக் கொள்முதல் மூன்று மாதமும் 2,600 லிட்டரிலேயே நிற்கிறது. கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் அதுதான். மாடுகளுக்கு நோய் வந்திருந்தாலோ தீவனம் தட்டுப்பட்டிருந்தாலோ காலைப் பாலும் குறைந்திருக்குமே. அதற்கு இடம் வேண்டும். பால் சங்கக் கூட்டத்தில் பால் என்றாலே கொள்முதல்தான், அந்தச் சொல் போகலாம். "மூன்று மாதங்களில்" என்றாலே கடந்தவைதான்:

மூன்று மாதங்களில் மாலைப் பால் மட்டும் 18% குறைந்தது

ஏழு சொல். "மட்டும்" உள்ளே வந்திருப்பதைக் கவனியுங்கள். சின்னச் சொல்லெல்லாம் வெற்றுச் சொல் இல்லை. மட்டும், வரை, சுமார், இல்லை ஆகிய நான்கையும் வெட்டும் முன் இருமுறை யோசிக்க வேண்டும். சொல்லை எடுத்துவிட்டுப் படித்தால் படத்தில் ஏதாவது ஒரு கோடு பொய்யாகிறதா? ஆகிறது என்றால் அது நிற்க வேண்டிய சொல்.

"வருகிறது" என்பதும் அப்படியே. பெரும்பாலும் அது வெறும் வால்: "நடைபெற்று வருகிறது", "பரிசீலிக்கப்பட்டு வருகிறது". ஆனால் "குறைந்தது" என்பதும் "குறைந்து வருகிறது" என்பதும் வேறு வேறு செய்திகள். முன்னது கணக்கு முடிந்தது என்கிறது. பின்னது மாதாமாதம் இறங்குகிறது, இன்னும் நிற்கவில்லை என்கிறது. மூன்று மாதமும் படிப்படியாகச் சரிந்திருந்தால் அந்த வால் தேவை. ஏப்ரலில் மட்டும் ஒரேயடியாக விழுந்திருந்தால் அது பொய்.

வரம்பு கடுமையாக இருந்தால் ஏமாற்று வழிகளும் முளைக்கும். ஒன்று, இடைவெளியை அழிப்பது. "செய்யப்பட்டுக்கொண்டிருக்கிறது" என்று ஒட்டி எழுதினால் கணினி அதை ஒரே சொல்லாக எண்ணும். திரையிலோ அது ஏறத்தாழ அரை வரியை விழுங்கும். ஆகவே தமிழில் எட்டுச் சொல் என்பதோடு இரண்டு வரி என்ற நிபந்தனையும் சேர வேண்டும். எழுத்தின் அளவைச் சுருக்கி இரண்டு வரிக்குள் திணிப்பதும் கணக்கில் வராது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் உரைகளைப் பற்றி எழுதிவரும் மைக்கேல் ஆலி, ஸ்லைடின் தலைப்பு ஒரு முழு வாக்கியமாக, இரண்டு வரிக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்கிறார். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது "முழு வாக்கியம்" என்ற பாதி.

ஏனென்றால் இரண்டாவது ஏமாற்று வழி இன்னும் மோசம்: வினையையே தூக்கிவிடுவது. "மாலைப் பால் கொள்முதல் குறைவு: ஆய்வு முடிவுகள்". ஆறே சொல். வரம்புக்குள் அழகாக உட்கார்ந்திருக்கிறது, எதுவும் சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. தலைப்பைப் படித்துவிட்டு, கூட்டத்தில் ஒருவர் எழுந்து "அது தப்பு" என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். "மாலைப் பால் மட்டும் 18% குறைந்தது" என்பதை மறுக்கலாம். "ஆய்வு முடிவுகள்" என்பதை யாராலும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத தலைப்பு கோப்பின் மேலட்டை மட்டுமே.

சுருக்கமாக இருந்தும் பயனில்லாமல் போன தலைப்புக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. ஏறத்தாழ 82 வினாடிகளில் எரிபொருள் கலத்திலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் விண்ணில் இருந்த நாட்களிலேயே போயிங் பொறியாளர்கள் சேத மதிப்பீட்டை ஸ்லைடுகளாக நாசாவுக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு ஆங்கிலத்தில் ஒன்பதே சொல். அதன் சாரம்: சோதனைத் தரவுகளின் மறுஆய்வு, வெப்பக் காப்பு ஓடுகளின் ஊடுருவல் விஷயத்தில் மிகைப்பாதுகாப்பைச் சுட்டுகிறது. படிப்பவருக்கு ஓடுகள் பத்திரம் என்று தோன்றும். உண்மையில் அந்த "மிகைப்பாதுகாப்பு" ஓடுகளைப் பற்றியதன்று, சேதத்தைக் கணிக்கும் மாதிரியைப் பற்றியது. ஸ்லைடின் அடியில், சிறிய வரிகளில், வேறொரு செய்தி கிடந்தது: சோதித்த துண்டு 3 கன அங்குலம், மோதியதாக மதிப்பிட்ட துண்டு 1,920 கன அங்குலம்.

பிப்ரவரி 1 அன்று கொலம்பியா சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அந்தத் தலைப்புதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விசாரணைக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், எட்வர்ட் டஃப்டி என்ற அறிஞர் செய்த இந்த ஸ்லைடின் அலசலுக்கும் இடம் கொடுத்தது. அந்த ஒன்பது சொற்களை நம் மேசையில் போட்டால் உடனே தெரிவது இதுதான்: எழுவாய் "மறுஆய்வு", அதாவது சட்டகம், வினை "சுட்டுகிறது", அதாவது காவல்காரன். நுரை எங்குமே இல்லை. "மோதிய நுரை, சோதித்ததைவிட 640 மடங்கு பெரிது" என்று எழுதியிருக்கலாம். ஆறு சொல். இதில் வினைச்சொல் இல்லையே என்று கேட்கலாம். தமிழில் "பெரிது" தானே வாக்கியத்தை முடித்துவிடும், மறுக்கவும் இடம் கொடுக்கும்.

நான் கடைசியாகச் செய்வது, பவர்பாயின்டில் அவுட்லைன் காட்சியைத் திறந்து தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படிப்பது. சங்கத்தின் ஸ்லைடுகள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம்:

மூன்று மாதங்களில் மாலைப் பால் மட்டும் 18% குறைந்தது
குறைவில் மூன்றில் இரு பங்கு நான்கு ஊர்களுடையது
அந்த ஊர்களில் மாலை வண்டி ஒரு மணி தாமதம்
வண்டிப் பாதையை இரண்டாகப் பிரிக்க ஒப்புதல் வேண்டும்

பழைய நீளத் தலைப்புகளில் இந்த வரிசையில் ஓட்டை இருப்பது தெரிந்திருக்காது. இப்போது தெரிகிறது: பாதையைப் பிரித்தால் அந்த ஒரு மணியில் எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்று எந்த ஸ்லைடும் சொல்லவில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இன்னொன்று வர வேண்டும். அதற்குத் தலைப்பு எழுதும் முன், யாராவது ஒரு மாலை அந்த வண்டியில் ஏறி நேரம் குறித்துக்கொண்டு வர வேண்டும்.