அடுத்த குழந்தையைக் காக்கும் ஊசி

தாய்க்கு ஓ நெகட்டிவ், தந்தைக்கு ஓ பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். வயிற்றில் வளரும் குழந்தை பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவத்தின்போது அதன் ரத்தம் சிறிதளவு தாயின் ரத்தத்தில் கலந்துவிடும். அதை அந்நியமாகக் கருதும் தாயின் உடல், எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தையும் பாசிட்டிவ் என்றால், அந்தப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே சென்று அதன் சிவப்பணுக்களை அழிக்கும். கடும் ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் வரலாம். குழந்தை கருவிலேயே இறக்கவும் கூடும்.

ஆன்டி-டி ஊசி, தாயின் உடல் எதிர்ப்பைத் தொடங்கும் முன்பே அந்த அணுக்களை அகற்ற உதவுகிறது. 28-வது வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று போடுவார்கள். கருச்சிதைவு, கருக்கலைப்புக்குப் பிறகும் மருத்துவர் இதைப் பரிந்துரைக்கலாம். பலர் தவறவிடுவது இங்கேதான்.

72 மணி நேரம் கடந்தாலும், 10 நாட்களுக்குள் போட்டால் ஓரளவு பயன் உண்டு. எதிர்ப்புப் புரதம் உருவாகிவிட்டால் ஊசியால் பயனில்லை; கூம்ப்ஸ் பரிசோதனை அதைக் காட்டிவிடும். பிறகு டாப்ளர் ஸ்கேனில் குழந்தையைக் கண்காணித்து, தேவைப்பட்டால் கருவிலேயே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

எனவே நெகட்டிவ் வகைப் பெண்கள், முன்பு நேர்ந்த கருச்சிதைவையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.