பதின்மூன்று மணி, மூன்றும் நாற்பதும்

ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 வகுப்பில் சேர்ந்தவர்கள் சில வாரங்களில் ஒரு ரயில் நிலையத்துக்கு வந்து சேர்வார்கள், பாடப்புத்தகத்தில்தான். பெரும்பாலான பாடநூல்களில் டிக்கெட் கவுன்டர் உரையாடல் ஒன்று உண்டு. நர்ஸிங் முடித்தோ மேல்படிப்புக்காகவோ ஜெர்மனி போகக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் பயணி கேட்கும் கேள்விகளைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். கவுன்டரில் இருப்பவர் சொல்லும் பதிலை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. ரயிலைப் பிடிப்பதும் விடுவதும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பயிற்சிக்காக ஓர் உரையாடலை வைத்துக்கொள்வோம். இடம் பிராங்க்ஃபர்ட் தலைமை ரயில் நிலையம். போகவேண்டிய ஊர் ஹைடல்பெர்க். நேரங்கள் பாடத்துக்காக எழுதியவை, கால அட்டவணையில் தேட வேண்டாம்.

பயணி: கூட்டன் தாக். ஐனெ ஃபார்கார்டெ நாஃக் ஹைடல்பெர்க், பிட்டெ.
(வணக்கம். ஹைடல்பெர்குக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள்.)

அலுவலர்: ஐன்ஃபாஃக் ஓடர் ஹின் உண்ட் ட்சுரூக்?
(போக மட்டுமா, போய்வரவா?)

பயணி: ஐன்ஃபாஃக், பிட்டெ. வான் ஃபேர்ட் டேர் நேக்ஸ்டெ ட்சூக்?
(போக மட்டும். அடுத்த ரயில் எப்போது?)

அலுவலர்: உம் ட்ரைட்சேன் ஊர் ட்ரை-உண்ட்-ஃபியர்ட்சிக் ஃபொன் கிளைஸ் ஸீபன். ஸீ மூசன் இன் மன்ஹைம் உம்ஷ்டைகன்.
(13.43-க்கு, 7-ஆம் பிளாட்பாரத்திலிருந்து. மன்ஹைமில் வண்டி மாற வேண்டும்.)

பயணி: வான் கொமெ இஃக் இன் மன்ஹைம் ஆன்?
(மன்ஹைமுக்கு எப்போது போய்ச் சேருவேன்?)

அலுவலர்: உம் ஃபியர்ட்சேன் ஊர் ஐன்-உண்ட்-ட்ஸ்வான்ட்சிக். டேர் ஆன்ஷ்லுஸ் ஃபேர்ட் உம் ஃபியர்ட்சேன் ஊர் ஸெக்ஸ்-உண்ட்-ட்ரைசிக் ஃபொன் கிளைஸ் ஃபியர் ஆப்.
(14.21-க்கு. இணைப்பு ரயில் 14.36-க்கு, 4-ஆம் பிளாட்பாரத்திலிருந்து புறப்படும்.)

பயணியின் வாக்கியங்கள் எளியவை. அலுவலரின் கடைசி பதிலில் மட்டும் இரண்டு நேரம், ஒரு பிளாட்பாரம், ஒரு வினைச்சொல்லின் உடைந்த பகுதி எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுகின்றன.

முதலில் நேரம். ஜெர்மனில் 21 முதல் 99 வரை, பத்துகள் முழுதாக வரும் எண்களைத் தவிர மற்றவற்றில், ஒன்றாம் இடத்து இலக்கத்தை முதலில் சொல்வார்கள். 43 என்றால் ‘மூன்றும் நாற்பதும்’. நமக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நாற்பது முன்னால் வந்து பழகிவிட்டது. காதில் விழும் வரிசையிலேயே கை எழுதினால் தாளில் 34 இருக்கும். பயணி 13.34 என்று நினைத்து ஓடிவந்தால் ஒன்பது நிமிடம் நிற்க வேண்டியதுதான், நஷ்டமில்லை. ரயில் உண்மையில் 13.34-க்கு இருந்து, அவர் 43 என்று எழுதியிருந்தால் வண்டி போய்விட்டிருக்கும்.

எல்லா எண்களும் இப்படி ஏமாற்றுவதில்லை. உரையாடலில் வரும் 36-ஐத் திருப்பி எழுதினால் 63. அப்படி ஒரு நிமிடம் கடிகாரத்தில் கிடையாது, அதனால் தவறு உடனே தெரிந்துவிடும். இரண்டு இலக்கங்களும் 2 முதல் 5-க்குள் இருக்கும் எண்கள் சத்தமில்லாமல் கவிழ்ப்பவை: 23-32, 24-42, 25-52, 34-43, 35-53, 45-54. இந்த ஆறு ஜோடிகளை மட்டும் தனியாக எடுத்துப் பயிற்சி செய்தாலே பாதிப் பயம் போய்விடும். எழுதும்போது ஓர் இலக்கத்துக்கு இடம் விட்டு, காதில் முதலில் விழுவதை வலப்பக்கம் எழுதுங்கள். பிறகு வருவதை விட்ட இடத்தில் நிரப்புங்கள். முழு எண்ணும் வரட்டும் என்று மனதில் வைத்துத் திருப்புவதைவிட இது வேகமானது, பிழையும் குறைவு.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? அலுவலர் சொன்ன எண்ணையே ஜெர்மனில் திருப்பிச் சொல்லிக் காட்டச் சொல்கிறார்கள் பல ஆசிரியர்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஒலியை அப்படியே திருப்பிச் சொல்ல யாராலும் முடியும். அவர் “ஆமாம்” என்பார், உங்கள் தாளில் தவறான எண் அப்படியே இருக்கும். எழுதியதைக் கண்ணாடிக்கு அப்பால் காட்டி “இஸ்ட் டாஸ் ரிஃக்டிக்?”, இது சரியா என்று கேளுங்கள். அல்லது “க்யொனன் ஸீ டாஸ் பிட்டெ ஆஃப்ஷ்ரைபன்?”, இதை எழுதித் தர முடியுமா என்று கேட்கலாம். பெரும்பாலும் பயண விவரத்தை அச்சடித்தே கொடுத்துவிடுவார்கள்.

இன்னொரு குழப்பம் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில். ‘ட்ஸ்வை’ என்றால் இரண்டு, ‘ட்ரை’ என்றால் மூன்று. இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும் என்பது ஜெர்மானியர்களுக்கே தெரியும். அதனால் அறிவிப்பிலும் தொலைபேசியிலும் இரண்டை ‘ட்ஸ்வோ’ என்று மாற்றிச் சொல்லும் பழக்கம் உண்டு. புத்தகத்தில் இல்லாத இந்தச் சொல்லைக் கேட்டுத் திகைக்க வேண்டாம்.

கவுன்டரில் பெரும்பாலும் 24 மணிக் கணக்குதான். ஆனால் நண்பர்கள் பேச்சில் ‘ஹால்ப் ட்ரை’ வரும். அது மூன்றரை அல்ல, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்று கணக்கு.

அடுத்தது வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்கும் அந்தச் சின்ன ‘ஆப்’. புறப்படுதல் ‘ஆப்ஃபாரன்’, வந்து சேர்தல் ‘ஆன்கொமன்’. வாக்கியத்தில் வரும்போது இவற்றின் தலைப்பகுதி கழன்று கடைசிக்குப் போய்விடும். புறப்படும் நேரமா, சேரும் நேரமா என்பதைப் பல சமயம் அந்தக் கடைசி அசைதான் உறுதி செய்யும். வினைச்சொல்லுக்காக வாக்கியத்தின் முடிவுவரை காத்திருப்பது தமிழ் பேசுகிறவர்களுக்குப் புதிதல்ல, அந்தப் பொறுமையை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். நிலையத்துச் சுவரிலும் இதே இரண்டு சொற்கள் இருக்கும். மஞ்சள் தாளில் ‘ஆப்ஃபார்ட்’, புறப்பாடு. வெள்ளைத் தாளில் ‘ஆன்குன்ஃப்ட்’, வருகை. அவசரத்தில் வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டு நிற்பவர்கள் உண்டு.

பிளாட்பாரம் கேட்க “ஃபொன் வெல்ஷம் கிளைஸ்?” போதும். பதில் ஓர் எண்தான். ஆனால் பிராங்க்ஃபர்ட்டில் ‘ஹுண்டர்ட்ஐன்ஸ்’, அதாவது 101 என்று சொன்னால் நூறு பிளாட்பாரம் தாண்டி நடக்க வேண்டியதில்லை. 101 முதல் 104 வரை பூமிக்கு அடியில், நகர ரயில்களுக்கானவை. நீண்ட பிளாட்பாரங்களில் ஏ, பி, சி என்று பகுதிகளும் பிரித்திருப்பார்கள். முன்பதிவு செய்த பெட்டி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்பதைப் பார்த்துக்கொண்டால், வண்டி வந்த பிறகு ஓட வேண்டாம்.

டிக்கெட்டில் 7 என்று தெரிந்து அங்கே போய் நின்ற பிறகும் காதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். ‘ஹொய்டெ ஆப்வைஷன்ட் ஃபொன் கிளைஸ் நொய்ன்’ என்று அறிவிப்பு வரலாம்: இன்று வழக்கத்துக்கு மாறாக 9-ஆம் பிளாட்பாரத்திலிருந்து. இதில் பிடிக்க வேண்டியவை மூன்றே சொற்கள்: ‘ஹொய்டெ’, ‘கிளைஸ்’, அதற்கடுத்த எண். கோதே இன்ஸ்டிட்யூட்டின் ஏ1 தேர்வில் கேட்டல் பிரிவின் இரண்டாம் பகுதி இதுபோன்ற அறிவிப்புகள்தான். மற்ற பகுதிகளை இரண்டு முறை ஒலிபரப்புவார்கள், இதை ஒரே முறை. அதனால் அறிவிப்பு தொடங்குமுன் கேள்வியைப் படித்து, எதிர்பார்ப்பது நேரமா, பிளாட்பார எண்ணா என்று முடிவு செய்துகொண்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் காத்திருங்கள்.