ஒன்பது நாப்கின், ஐந்து நாள்

வீரசோழன் போன்ற ஊர்ப் பள்ளிக்குக் கிராம சுகாதார செவிலியர் மாதவிடாய்ச் சுகாதாரம் பற்றிப் பேச வரும்போது, அவருக்குக் கிடைப்பது ஒரு பாடவேளைதான். அதை உடலுறுப்புப் படத்தில் தொடங்காமல், ஒரு கணக்கில் தொடங்கலாம்.

முதல் ஐந்து நிமிடம் துண்டுச் சீட்டுக்கு. எல்லா மாணவியரும் ஒரு கேள்வி எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். கேள்வி இல்லாதவர் ‘இல்லை’ என்று எழுதட்டும். அப்போதுதான் யார் கேட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

அடுத்து கரும்பலகை. 2011இல் அறிவிக்கப்பட்ட புதுயுகம் திட்டத்தில் ஒரு மாணவிக்கு ஆண்டுக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின். மொத்தம் 108, மாதத்திற்கு 9. நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஐந்து நாள் உதிரப்போக்கு உள்ளவருக்கு முதல் இரண்டு நாளும் நான்கு, பின் மூன்று நாளும் மூன்று என்றால் 17 தேவை. எட்டு குறைகிறது. இந்தக் குறையைத்தான் பிள்ளைகள் ஒரே நாப்கினை நாள் முழுக்க வைத்திருந்து சமாளிக்கிறார்கள். அரிப்பும் தொடைப் புண்ணும் அங்கிருந்துதான் வருகின்றன. ‘அடிக்கடி மாற்று’ என்று சொல்லிவிட்டுப் போனால் இந்தக் கணக்குத் தீராது.

ஆகவே வகுப்பின் பெரும்பகுதி துணிக்கு. நாப்கினைப் பள்ளி நேரத்திற்கு ஒதுக்கி, வீட்டில் இருக்கும்போது துணி வைக்கலாம். செவிலியர் ஒரு பழைய பருத்தித் துணியை மடித்து, சிவப்பு மையிட்ட நீரை ஊற்றிக் காட்டி, அங்கேயே அலசட்டும். முதல் அலசல் பச்சைத் தண்ணீரில். வெந்நீர் பட்டால் இரத்தம் நூலில் உறைந்து கறை நிற்கும். பிறகு சோப்பு. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் நுரை எழும்பாது, சோப்புப் பிசுக்கு துணியிலேயே தங்கும். காய்ந்த துணி விறைப்பாக இருந்தால் பிசுக்குப் போகவில்லை என்று அறியலாம். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வைப்பது நல்லது.

காயவைப்பதில்தான் தவறு அதிகம். பிறர் கண்ணில் படக்கூடாதென்று கட்டிலுக்கு அடியிலோ, வேறு துணிக்குக் கீழேயோ போடுகிறார்கள். ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கிறது, வாடையே அடையாளம். நம் பக்கம் தண்ணீருக்குத்தான் பஞ்சம், வெயிலுக்கு இல்லை. மறைத்தே தீர வேண்டும் என்றால் மெல்லிய வேட்டித் துணி போதும், ஆனால் கொடி வெயிலில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் துணியோ நாப்கினோ தீர்க்காது. ஓரிரு மணி நேரத்திலேயே நாப்கின் நனைந்து போவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, கண்ணின் கீழிமை வெளுத்திருப்பது ஆகியவை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டியவை.

கடைசிப் பத்து நிமிடம் சீட்டுகளுக்கு. செவிலியர் அவற்றைத் தாமே பிரித்துப் படிக்கட்டும்; கையெழுத்தை அறிந்த வகுப்பாசிரியர் அந்த நேரம் வெளியே இருப்பது நலம்.