காஸ்டிங் மோதிரத்தில் ஊசிப்புள்ளி ஏன் வருகிறது?

மேலே கனமான முகப்பும் கீழே மெல்லிய வளையமும் உள்ள ஆண்கள் மோதிரத்தை இரண்டு வழியில் செய்யலாம்.

கைவேலைப் பத்தர் 22 காரட் தங்கத்தை உருக்கிக் கட்டியாக ஊற்றி, தட்டி, உருட்டு மெஷினில் விட்டுத் தகடாக்குவார். உருட்ட உருட்டத் தங்கம் இறுகி, விளிம்பு வெடிக்கப் பார்க்கும். உடனே நெருப்பில் காய்ச்சி இளக்கி, மறுபடி உருட்டுவார். ஊற்றிய கட்டிக்குள் இருந்த சிறு ஓட்டைகள் இந்த அழுத்தத்தில் பெரும்பாலும் நசுங்கி மூடிவிடும். அந்தத் தகட்டை வெட்டி, வளைத்து, பொடி வைத்து ஊதி இணைத்தால் மோதிரம். இதில் பலவீனமான இடம் பற்றவைத்த இணைப்புதான்.

காஸ்டிங்கில் தட்டுவதே இல்லை. ரப்பர் அச்சில் மெழுகைச் செலுத்தி எடுத்த மோதிரங்களை ஒரு மெழுகுத் தண்டைச் சுற்றி மரக்கிளை போல ஒட்டுவார்கள். அதன்மேல் ஜிப்சமும் சிலிக்காவும் கலந்த குழம்பை ஊற்றி இறுகவிட்டு, சூளையில் 700 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மெழுகு உருகி எரிந்துபோகும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் தங்கம் பாயும். கால் கிராம் மெழுகு மோதிரத்துக்கு ஏறத்தாழ நாலரை கிராம் 22 காரட் தங்கம் பிடிக்கும்.

சிக்கல் தங்கம் உறையும்போது வருகிறது. உறையும் தங்கம் சுமார் 5 சதவீதம் சுருங்கும். அந்தக் குறையை ஈடுகட்ட, தண்டிலிருந்து உருகிய தங்கம் வந்துகொண்டே இருக்க வேண்டும். மெழுகுக் கிளையை மெல்லிய வளையத்தின் அடியில் ஒட்டியிருந்தால், வளையம் முதலில் உறைந்து வழியை அடைத்துவிடும். கனமான முகப்பு அப்போதும் உள்ளே இளகித்தான் இருக்கும். அதற்கு வர வேண்டிய தங்கம் வராததால் அது பஞ்சுபோல் ஓட்டைவிழுந்து உறையும். கிளையைத் தடிமனாக, முகப்பை ஒட்டியே வைத்தால் இந்தக் குறை பெரும்பாலும் வராது. தெரிந்தும் இதைச் செய்யாமல் விடுவது எனக்கு ஏற்புடையதல்ல. கிளை வெட்டிய தடத்தை முகப்பிலிருந்து ராவி எடுக்கக் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

வாயுவாலும் ஓட்டை வரும். அச்சு அளவுக்கு மீறிச் சூடானால் ஜிப்சம் சிதைந்து கந்தக வாயுவை விடும். இந்த ஓட்டைகள் உருண்டையாக இருக்கும். சுருக்கத்தால் வந்தவை ஒழுங்கற்றுக் கிழிந்ததுபோல் தெரியும். இரண்டுமே மேல்தோலுக்கு அடியில் ஒளிந்திருந்து, மெருகு போடும்போதுதான் ஊசிப்புள்ளிகளாக வெளிப்படும்.

ஓட்டை இருப்பதால் தங்கத்தின் தரம் குறையாது. 916 என்றால் 916தான். ஓட்டைக்கு எடையும் இல்லை, எனவே அதற்கு நீங்கள் காசும் கொடுப்பதில்லை. ஒரே ரப்பர் அச்சில் நூற்றுக்கணக்கில் எடுக்க முடிவதால் பத்தரின் உழைப்பு நேரம் சுருங்கி, செய்கூலி குறைகிறது. மலிவுக்கு முக்கியக் காரணம் அதுதான். நட்டம் உறுதியில் வரும்: ஓட்டையுள்ள இடம் வளைத்தால் விரியும், அழுக்கும் சேரும்.

வாங்கும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் கேட்டு, முகப்பும் வளையமும் சேரும் இடத்தையும் முகப்பின் உட்புறத்தையும் பாருங்கள். விரலுக்கு அளவு மாற்ற வேண்டியிருந்தால், வாங்கிய கடையிலேயே அதைச் செய்யச் சொல்லி, கையோடு மறுபடி லென்ஸில் பார்த்துவிடுங்கள்.