கேரி வந்து சேரும் நேரம்

8 பிட் ப்ராசஸர் ஒன்றைச் சொந்தமாக வடிவமைப்பவர் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு, அதில் எந்தக் கூட்டல் சுற்றைப் போடுவது என்பது.

எளிய வழி ரிப்பிள் கேரி. ஒரு பிட்டைக் கூட்டும் ஃபுல் ஆடரில் 5 கேட்கள். எட்டு ஆடர்களை வரிசையாகக் கோத்தால் 40 கேட்களில் வேலை முடிந்துவிடும். தாளில் கணக்குப் போடுவதுபோல, வலப்பக்கத்திலிருந்து கேரி வந்த பிறகுதான் அடுத்த ஆடர் சரியான விடையைத் தரும். ஒரு கேட் எடுக்கும் நேரத்தை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டால், முதல் கேரிக்கு 3 அலகு, பிறகு ஒவ்வொரு பிட்டுக்கும் 2 அலகு; கடைசி கேரி வெளியே வர 17 அலகு ஆகும்.

11111111 உடன் 1-ஐக் கூட்டினால் கேரி கடைசிவரை ஓடியாக வேண்டும். அதற்குள் க்ளாக் அடித்துவிட்டால், கீழ் பிட்கள் 0 ஆகியும் மேல் பிட்கள் மாறாமலும், 11110000 போன்ற தப்பான விடை பதிவாகும். அதே வேகத்தில் 5+2 சரியாகவே வரும். ஆகவே சோதனையில் கேரி நீளமாக ஓடும் எண்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

கேரி லுக்அஹெட் இந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது. இந்த இடத்தில் புதிதாகக் கேரி பிறக்குமா, வந்த கேரி அப்படியே கடந்து போகுமா? இரண்டுக்கும் அந்த இடத்து பிட்களே விடை சொல்லிவிடும். ஓர் அலகு போதும். அந்த விடைகளிலிருந்து எல்லா கேரிகளையும் ஒரே நேரத்தில் கணக்கிடலாம். ஆனால் பிட் கூடக் கூட கேட்களின் அகலமும் கூடும். நான்காவது கேரிக்கே 5 உள்ளீட்டு கேட் தேவை, எட்டாவதற்கு 9.

அதனால் நான்கு நான்கு பிட்களாகப் பிரித்து, குழுக்களுக்கு இடையில் மட்டும் கேரியைக் கடத்துவது வழக்கம். 74283 சிப் இப்படிப்பட்ட ஒரு குழுதான். இரண்டைச் சேர்த்தால் 8 பிட். கேட் கணக்கில் இந்த அமைப்புக்கு 52 கேட்கள். கடைசி விடை 6 அலகில் தயார். இரண்டு உள்ளீட்டு கேட்கள் மட்டுமே கையில் இருந்தால் கணக்கு மாறும்: சுமார் 84 கேட்கள், 9 அலகு. அதாவது இரட்டிப்புச் செலவில் ஏறத்தாழ பாதி நேரம்.

இந்தச் செலவு தேவையா என்பதை ப்ராசஸரின் மிக நீளமான பாதைதான் சொல்லும். மெமரியைப் படிக்கவே 30 அலகு ஆகிறதென்றால் ரிப்பிளே போதும். ஆடரை வேகப்படுத்தினாலும் க்ளாக் கூடாது. நீளமான பாதை ஆடர் வழியாகப் போனால் குழு முறைக்கு மாறலாம். எஃப்பிஜிஏவில் கட்டுபவர் `a + b` என்று எழுதினால் போதும். பெரும்பாலானவற்றில் கேரிக்கென்றே தனி விரைவுப் பாதை இருப்பதால், சிறிய அகலங்களில் கையால் எழுதும் லுக்அஹெட் அதைவிட மெதுவாகிவிடக்கூடும்.